ஏழு நாள் ஃப்ரீ, எட்டாவது நாள் அப்பா அக்கவுன்ட்டுல கை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஓரளவு திருத்தப்பட்டது.)

இன்னைக்கு கேம் சப்ஸ்கிரிப்ஷன் பத்திப் பேசப் போறோம். எந்த கேம் நல்ல கேம் அப்படிங்கிற பேச்சு இல்ல. ஃப்ரீ ட்ரையல்னு போட்டு உள்ள இழுத்துட்டு, தேதி தாண்டினதும் தானா பணம் எடுக்குதே, அதை எப்படி நேரத்துக்கு நிறுத்துறது, தேதியை எங்க பார்க்கிறது, அதுதான் விஷயம். நான் பேசுறது நெட்டப்பாக்கத்துல இருந்து. கேட்கிற பல பேர் பாண்டியிலயோ சென்னையிலயோ ரூம் எடுத்துத் தங்கியிருப்பீங்க. ஆனா போன்ல இருக்கிற ஆட்டோபே யாரோட அக்கவுன்ட்டுன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. நிறைய பேருக்கு அது ஊர்ல இருக்கிற அப்பா, அம்மா அக்கவுன்ட்டாதான் இருக்கும்.

அதனால ஒரு கணக்கை எடுத்துக்குவோம். இது நடந்த கதை இல்ல, புரியறதுக்காக நான் போடுற கணக்கு. மடுகரையில ஒரு வீடு. தம்பி ப்ளஸ் டூ. ஆன்லைன் க்ளாஸ் பார்க்கணும்னு அப்பாவோட போன் அவன் கையில. அந்த போன்லயே அப்பாவோட யூபிஐ ஆப்பும் இருக்கு. 3-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு ஒரு கேம்ல "7 நாள் இலவசம், அப்புறம் வருஷத்துக்கு 1,499 ரூபாய்"னு வருது. அக்கவுன்ட்ல 2,600 ரூபாய் இருக்கு. 10-ஆம் தேதி ஒரு லோன் தவணை 1,850 ரூபாய் அதே அக்கவுன்ட்ல இருந்து போகணும்.

தம்பி என்ன நினைக்கிறான்? ஏழு நாள் விளையாடுவோம், பத்தாம் தேதி காலையில எழுந்து கேன்சல் பண்ணிடுவோம். சாதாரணமா யாரும் இப்படித்தான் யோசிப்போம். ஆனா இதுல மூணு இடத்துல சிக்கல் இருக்கு.

முதல் சிக்கல் பின் போடுற இடம். ட்ரையல் தொடங்கும்போது யூபிஐ ஸ்கிரீன்ல ஒரு ரூபாயோ ரெண்டு ரூபாயோ காட்டும். அது அக்கவுன்ட் உண்மையானதான்னு பார்க்கிறதுக்கு, பெரும்பாலும் திரும்பி வந்துடும். "ஒரு ரூபாய்தானே"ன்னு பின் போட்டுடுறோம். ஆனா அந்த பின் ஒரு ரூபாய்க்கு மட்டும் இல்ல. "இனிமே இந்த நிறுவனம் என் அக்கவுன்ட்ல இருந்து இவ்வளவு ரூபாய் வரைக்கும், இந்த இடைவெளியில, என்னைக் கேட்காமலே எடுத்துக்கலாம்"னு ஒரு அனுமதிக்கும் சேர்த்துத்தான் அந்த பின். இதுக்கு மேண்டேட்னு பேரு. அதே ஸ்கிரீன்ல கொஞ்சம் கீழ பாருங்க. அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எந்த தேதி வரைக்கும்னு மூணு வரி இருக்கும். அதிகபட்சத் தொகை 1,499-ஐ விட ரொம்பப் பெருசா இருந்தா பயப்பட வேண்டாம். அது உச்சவரம்பு, அவ்வளவும் எடுப்பாங்கன்னு அர்த்தம் இல்ல. ஆனா அந்த மூணு வரியையும் படிச்சுட்டுத்தான் பின் போடணும்.

ஒரு தடவை பின் போட்டுட்டா, அடுத்தடுத்து 15,000 ரூபாய்க்குள்ள போற பணத்துக்கு பின்னோ ஓடிபியோ கேட்க மாட்டாங்க. ரிசர்வ் வங்கி 2022 ஜூன்ல இந்த வரம்பை 5,000-ல இருந்து 15,000 ஆக்கினாங்க. கரன்ட் பில், ஓடிடி மாதிரி மாசாமாசம் கட்டுறவங்களுக்கு இது வசதிதான். நம்ம தம்பியோட 1,499-உம் அதே கதவு வழியாத்தான் போகுது.

ரெண்டாவது சிக்கல் பணம் போற நேரம். பத்தாம் தேதின்னா பத்தாம் தேதி எப்போ? யூபிஐ ஆட்டோபேக்கு 2025 ஆகஸ்ட் 1-ல இருந்து ஒரு நேர ஒழுங்கு இருக்கு. கூட்ட நேரத்துல சர்வர் திணறக் கூடாதுன்னு காலை 10 மணிக்கு முன்னாடி, மதியம் 1 மணியில இருந்து 5 மணி வரைக்கும், ராத்திரி 9.30-க்கு அப்புறம், இந்த நேரங்கள்லதான் ஆட்டோபே பணத்தை எடுக்கலாம். அதாவது தம்பி பல்லு விளக்குறதுக்கு முன்னாடியே பணம் போயிருக்க முழு வாய்ப்பு இருக்கு. அவன் மனசுல இருக்கிறது "ராத்திரி பத்து மணிக்குத்தானே சேர்ந்தேன், ராத்திரி பத்து வரைக்கும் டைம் இருக்கு" அப்படிங்கிற கணக்கு. அந்தக் கணக்கை நம்பாதீங்க. இன்னொண்ணு, அக்கவுன்ட்ல காசு இல்லைன்னா தப்பிச்சுக்கலாம்னு சிலர் சொல்வாங்க. முதல் தடவை எடுக்க முடியலைன்னா இன்னும் மூணு தடவை வரைக்கும் முயற்சி பண்ண அனுமதி இருக்கு. நடுவுல யாராவது ஆயிரத்து ஐநூறு போட்டுவிட்டா அது நேரா கேமுக்குப் போயிடும்.

ஆப்பிள் போன் வச்சிருக்கிறவங்களுக்கு அந்த நிறுவனமே தெளிவா சொல்லியிருக்கு: ட்ரையல் முடியறதுக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி கேன்சல் பண்ணிடணும். நான் சொல்றது, எந்த போனா இருந்தாலும் ரெண்டு நாள் முன்னாடின்னு வச்சுக்கோங்க. இன்னும் நல்லது சேர்ந்த அன்னைக்கே கேன்சல் பண்றது. அதை அப்புறம் சொல்றேன்.

மூணாவது சிக்கல்தான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. பணம் எடுக்கிறதுக்கு முன்னாடி சொல்லாம எடுக்க முடியாது. 2021 அக்டோபர் 1-ல இருந்து ரிசர்வ் வங்கியோட விதி இறுக்கமா அமலுக்கு வந்துச்சு. குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி யாருக்கு, எவ்வளவு, எந்த தேதியில போகப் போகுதுன்னு தகவல் அனுப்பணும். வேண்டாம்னா அப்பவே நிறுத்த வழியும் இருக்கணும். உலகத்துல பல நாட்டுல இல்லாத நல்ல விதி இது. அமெரிக்காவுல இருக்கிறவங்க ட்ரையலை மறந்துட்டு மாசக் கடைசி ஸ்டேட்மென்ட்லதான் கண்டுபிடிக்கிறாங்க. நமக்கு முன்னாடியே மணி அடிக்கிறாங்க.

ஆனா மணி யார் வீட்டுல அடிக்குது? அக்கவுன்ட்டோட இணைஞ்ச நம்பருக்கும், அந்த யூபிஐ ஆப்புக்கும். நம்ம கணக்குல அது அப்பா. அவருக்கு 8-ஆம் தேதியோ 9-ஆம் தேதியோ ஆங்கிலத்துல ஒரு மெசேஜ் வருது. அதுல கேம் பேரு இருக்காது. கூகுள் பிளே வழியா எடுத்தா பணம் வாங்குறவர் பேரு பெரும்பாலும் கூகுள்னுதான் வரும். அப்பா என்ன நினைப்பார்? போன்லயே கூகுள் இருக்கு, ஏதோ அப்டேட்னு விட்டுடுவார். லோன் விளம்பரம், ரீசார்ஜ் விளம்பரம்னு இருபது மெசேஜுக்கு நடுவுல அது இருக்கும். சட்டப்படி தகவல் போய்ச் சேர்ந்துடுச்சு. புரிஞ்சுக்க வேண்டியவன் தம்பி, மெசேஜ் போனது அப்பாவுக்கு.

பத்தாம் தேதி காலை 1,499 போச்சு. மிச்சம் 1,101. மதியம் லோன் தவணை 1,850 கேட்டு வருது. இல்ல. தவணை திரும்பிப் போகுது. பேங்க் ஒரு அபராதம் போடும், லோன் கொடுத்தவங்க ஒரு அபராதம் போடுவாங்க, அதுக்கு மேல ஜிஎஸ்டி. கிரெடிட் ஸ்கோர்லயும் ஒரு கீறல் விழலாம். கேமோட விலை 1,499னு தம்பி நினைச்சான். வீட்டுக்கு ஆன செலவு அதைவிட அதிகம்.

சரி, இப்ப எப்படி நிறுத்துறது. ஆண்ட்ராய்டுல பிளே ஸ்டோர் ஆப்பைத் திறங்க. வலது மேல் மூலையில உங்க படத்தைத் தொடுங்க. Payments & subscriptions உள்ள போய் Subscriptions தொடுங்க. கேம் பேரு இருக்கும், அதைத் தொட்டா தேதியும் தொகையும் காட்டும், கீழ Cancel subscription இருக்கும். ஏன் கேன்சல் பண்றீங்கன்னு காரணம் கேட்கும், ஏதாவது ஒண்ணைத் தொட்டுட்டு அடுத்த ஸ்கிரீனுக்குப் போங்க. கடைசி உறுதி ஸ்கிரீன் வரைக்கும் போகணும். பாதியில வெளிய வந்துட்டு "கேன்சல் பண்ணிட்டேன்"னு நினைக்கிறவங்க நிறைய பேர். முடிஞ்சுதான்னு எப்படித் தெரியும்? அந்தப் பக்கத்துக்கே திரும்பிப் போய்ப் பாருங்க. புதுப்பிக்கும் தேதி காட்டின இடத்துல இப்ப முடியும் தேதி காட்டணும். கேன்சல் பண்ணினதுக்கு ஒரு மெயிலும் வரும். ரெண்டும் இல்லைன்னா வேலை முடியலன்னு அர்த்தம்.

போன் தொலைஞ்சு போச்சு, இல்ல வித்துட்டீங்க, அப்பவும் வழி இருக்கு. எந்த ப்ரவுசர்லயாவது அந்த ஜிமெயில்ல உள்ள போய் இந்த முகவரியைப் போடுங்க:

```
play.google.com/store/account/subscriptions
```

ஐபோன்னா Settings-ல மேல இருக்கிற உங்க பேரைத் தொட்டு Subscriptions போங்க.

இங்க ஒரு விஷயம். லிஸ்ட்ல கேம் பேரே இல்லைன்னா "அப்பாடா, ஒண்ணும் இல்ல"ன்னு மூடிடாதீங்க. ஒரு போன்ல ரெண்டு மூணு ஜிமெயில் இருக்கிறது நம்ம ஊர்ல சகஜம். ஸ்கூல்ல போட்டுக் கொடுத்தது ஒண்ணு, கேம் ஐடிக்குன்னு ஒண்ணு, அப்பா பேர்ல ஒண்ணு. சப்ஸ்கிரிப்ஷன் எந்த ஜிமெயில்ல சேர்ந்துச்சோ அதுலதான் தெரியும். ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. அப்பவும் இல்லைன்னா, ஸ்டோர் வழியா சேராம கேமோட சொந்த வெப்சைட்லயோ, கம்ப்யூட்டர்லயோ சேர்ந்திருப்பீங்க. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் மாதிரி சேவைன்னா மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்துல account.microsoft.com/services போய்த்தான் நிறுத்த முடியும். பிளே ஸ்டோர்ல எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. சேர்ந்த அன்னைக்கு வந்த ரசீது மெயிலைத் தேடுங்க. யார் அனுப்பினாங்களோ அவங்ககிட்டதான் கேன்சல் பட்டன்.

கேமை அன்இன்ஸ்டால் பண்ணினா சப்ஸ்கிரிப்ஷன் போகாது. இதை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஆப்பை அழிச்சா ஆப்தான் போகும். சப்ஸ்கிரிப்ஷன் ஸ்டோர்ல இருக்கு, மேண்டேட் பேங்க்ல இருக்கு. ரெண்டும் அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க அழிச்ச கேமுக்கு வருஷக் கணக்கா பணம் கட்டலாம்.

அடுத்து யூபிஐ பக்கம். கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம், எல்லாத்துலயும் ஆட்டோபேன்னு ஒரு பகுதி இருக்கு, பெரும்பாலும் உங்க ப்ரொஃபைல் உள்ள. நடப்புல இருக்கிற மேண்டேட் எல்லாம் அங்க வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணையும் நிறுத்தி வைக்கலாம், ரத்தும் பண்ணலாம். எந்த ஆப்ல மேண்டேட் போட்டீங்களோ முதல்ல அந்த ஆப்லயே தேடுங்க. கார்டுல போட்டிருந்தா கார்டு கொடுத்த பேங்கோட இ-மேண்டேட் பக்கத்துல பார்க்கணும். மெசேஜ்ல வர்ற லிங்கைத் தொடாம, பேங்க் ஆப்பையோ வெப்சைட்டையோ நீங்களே திறந்து போங்க. "உங்க ஆட்டோபே கேன்சல் பண்ண இங்க தொடவும்"னு திருடனும் மெசேஜ் அனுப்புறான்.

இப்ப பல பேர் கேட்கிற கேள்வி: மேண்டேட்டை மட்டும் வெட்டிட்டா போதாதா? ஸ்டோருக்கு எதுக்குப் போகணும்?

போதாது. ரெண்டும் வேற வேற. சப்ஸ்கிரிப்ஷன்ங்கிறது கடைக்காரர் நோட்டுல உங்க பேருக்கு எழுதி வச்ச கணக்கு. மேண்டேட்ங்கிறது அந்தக் காசை எடுக்க நீங்க கொடுத்த சாவி. சாவியை மட்டும் பிடுங்கினா நோட்டுல கணக்கு அப்படியே நிக்கும். பணம் வரலைன்னு கடை கொஞ்ச நாள் அவகாசம் கொடுக்கும், நடுவுல அதே அக்கவுன்ட்ல நீங்க வச்சிருக்கிற வேற கார்டையோ, கிஃப்ட் கார்டு போட்ட பேலன்ஸையோ தொட வாய்ப்பு இருக்கு. பிளே ஸ்டோர்ல பேக்கப் பேமென்ட்னு ஒரு வசதியே இருக்கு. அதனால முதல்ல ஸ்டோர்ல சப்ஸ்கிரிப்ஷனை நிறுத்துங்க, உறுதி மெயில் வந்ததும் யூபிஐ ஆப்ல மேண்டேட்டை நீக்குங்க. ஒரு எச்சரிக்கை: கூகுள் பேர்ல இருக்கிற மேண்டேட் எதுன்னு தொகை, தேதியை வச்சு உறுதி பண்ணிட்டு நீக்குங்க. க்ளவுட் ஸ்டோரேஜுக்குப் போட்டதை நீக்கிட்டு கேமை விட்டுட்டா ரெண்டு பக்கமும் நஷ்டம். நேரமே இல்ல, நாளைக்கே பணம் போகப் போகுது, ஸ்டோர் திறக்க பாஸ்வேர்டு தெரியலன்னா, அப்ப மட்டும் மேண்டேட்டை முதல்ல வெட்டுங்க. ஆனா ஸ்டோர் வேலை பாக்கி இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

சேர்ந்த அன்னைக்கே கேன்சல்னு சொன்னேன்ல. பிளே ஸ்டோர் ட்ரையல்ல சேர்ந்து அஞ்சு நிமிஷத்துல கேன்சல் பண்ணினாலும் ட்ரையல் நாள் முடியற வரைக்கும் விளையாடலாம். தம்பி 3-ஆம் தேதி ராத்திரியே கேன்சல் பண்ணியிருந்தா பத்தாம் தேதி வரைக்கும் கேமும் இருந்திருக்கும், 1,499-உம் இருந்திருக்கும். புடிச்சிருந்தா அப்புறம் காசு கொடுத்துச் சேர்ந்துக்கலாமே, யார் தடுக்கப் போறா? ஆனா எல்லா இடத்துலயும் இது செல்லாது. ஆப்பிளோட சொந்த சேவைகள்ல சில ட்ரையலை நடுவுல கேன்சல் பண்ணினா அப்பவே கதவை மூடிடும். கேன்சல் உறுதி ஸ்கிரீன்ல "இந்த தேதி வரைக்கும் பயன்படுத்தலாம்"னு இருக்கா, "உடனே முடியும்"னு இருக்கான்னு படிங்க. உடனே முடியும்னா, கேலண்டர்ல ரெண்டு நாள் முன்னாடி அலாரம் வைங்க. ஏழு நாள்னு விரல் விட்டு எண்ணாதீங்க, ஸ்டோர் காட்டுற தேதியைப் பார்த்து வைங்க. மாசக் கடைசியில சேர்ந்தா இன்னும் கவனம், 31-ஆம் தேதி சேர்ந்தவருக்கு பிப்ரவரியில 31 கிடையாது, தேதி முன்னாடி வந்துடும்.

இன்னொரு தந்திரம் வாரக் கட்டணம். "3 நாள் இலவசம், அப்புறம் 199"னு பெருசா போட்டிருக்கும், வாரத்துக்குங்கிறது சின்ன எழுத்துல இருக்கும். மாசம்னு நினைச்சு விட்டுடுவோம். 199 ரூபாய் வாரத்துக்குன்னா வருஷத்துக்கு 10,348. சின்னத் தொகைங்கிறதால பேங்க் மெசேஜையும் யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல.

இப்படி உள்ள வர வாசல் பெருசா, வெளிய போற வாசல் சின்னதா வைக்கிறதுக்கு நம்ம நாட்டுல பேரே வச்சிருக்காங்க. 2023 நவம்பர் 30-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன் பத்தி ஒரு வழிகாட்டுதல் கொண்டு வந்துச்சு. பதிமூணு வகை ஏமாத்து வேலையைப் பட்டியல் போட்டு, அதுல ஒண்ணு சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப், சந்தா பொறின்னு சொல்லலாம். கேன்சல் பட்டனை ஒளிச்சு வைக்கிறது, கேன்சல் வழியைச் சுத்தி விடுறது மட்டும் இல்ல, இலவச சந்தாவுக்கே பேமென்ட் விவரமும் ஆட்டோ டெபிட் அனுமதியும் கட்டாயமாக் கேட்கிறதும் அந்தப் பட்டியல்ல இருக்கு. அப்படிப் பார்த்தா பாதி ட்ரையல் இந்த வரிக்குள்ள வந்துடும். விதி இருக்கு, பழக்கம் இன்னும் மாறல, இது என்னோட கருத்து.

பணம் போயிடுச்சு, இப்ப என்ன? முதல்ல இன்னொரு தடவை போகாம இருக்க சப்ஸ்கிரிப்ஷனை நிறுத்துங்க. ரீஃபண்ட் கேட்டா கேன்சல் ஆயிடும்னு நினைக்காதீங்க, கேன்சல் பண்ணினா ரீஃபண்ட் வந்துடும்னும் நினைக்காதீங்க. பிளே ஸ்டோர்ல வாங்கி 48 மணி நேரத்துக்குள்ளன்னா கூகுள்கிட்டயே ரீஃபண்ட் கேட்கலாம். தாண்டிட்டா கேம் தயாரிச்சவங்ககிட்ட கேட்கச் சொல்வாங்க. ஆப்பிள்ல reportaproblem.apple.com. ரெண்டுலயும் கண்டிப்பா கொடுப்பாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா சீக்கிரம் கேட்டா, கேமை அதுக்கப்புறம் தொடாம இருந்தா, பேச்சுக்கு இடம் இருக்கு. என்ன நடந்துச்சுங்கிறதை உண்மையா எழுதுங்க. "யாரோ என் அக்கவுன்ட்ல திருடிட்டாங்க"ன்னு பேங்க்ல புகார் கொடுக்கிறது வேலைக்கு ஆகாது. பின் போட்டு அனுமதி கொடுத்தது உங்க போன்லதான்னு அவங்க ரெக்கார்டுல இருக்கும்.

கேன்சல் பண்ணின பிறகும் எடுத்தாங்கன்னா கதையே வேற. அப்ப அந்த உறுதி மெயிலும், முடியும் தேதி காட்டுற ஸ்கிரீன்ஷாட்டும், பேங்க் மெசேஜும் கையில வச்சுக்கிட்டு, முதல்ல ஸ்டோர்லயும் பேங்க்லயும் எழுத்துல புகார் கொடுத்து நம்பர் வாங்குங்க. சரிப்பட்டு வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. தேதி, தொகை, எந்த நேரம் கேன்சல் பண்ணினீங்க, இந்த மூணும் கையில இருந்தா கால் சீக்கிரம் முடியும்.

தம்பி, தங்கச்சி ஊர்ல இருக்காங்கன்னா இந்த வாரம் போன் போடும்போது அப்பாவோட யூபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதியை வீடியோ கால்ல திறக்கச் சொல்லிப் பாருங்க. தெரியாத பேர் ஏதாவது இருந்தா தொகையையும் அடுத்த தேதியையும் குறிச்சுக்கோங்க, உடனே நீக்க வேண்டாம், யார் போட்டதுன்னு வீட்டுல கேளுங்க. தம்பியைத் திட்டிட்டுக் கேட்டா அவன் சொல்ல மாட்டான். பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல, வாங்குறதுக்கு முன்னாடி பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி மாத்தி வைங்க. அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லி வைங்க: ஆங்கிலத்துல தொகையும் தேதியும் போட்டு மெசேஜ் வந்தா, படிக்க வேண்டாம், அப்படியே உங்களுக்கு வாட்ஸ்அப்ல தள்ளிவிடச் சொல்லுங்க. கைவசம் 24 மணி நேரம் இருக்கும், நீங்க பாண்டியில இருந்தே நிறுத்திடலாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.